ஆசிட் பாட்டில் காலி

பொங்கல் விடுமுறையின் கடைசி ராத்திரி, சாப்பிட்டு முடித்த பிறகு, அக்கா மகள் என் முன்னால் ஒரு தாளைக் கொண்டுவந்து வைத்தாள். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து கிழித்தது. அங்கங்கே பழுப்பு நிறத்தில் கறை. பெர்மாங்கனேட் விழும்போது ஊதாவாக விழும், தாளில் காய்ந்தால் இப்படித்தான் பழுப்பாகும். கறையைப் பார்த்ததுமே எந்த சோதனை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"சித்தி, நாளைக்கு ரெக்கார்ட் வைக்கணும். இது ஒண்ணுதான் பாக்கி. டைட்ரேஷன்."

அவள் பிளஸ் டூ. நான் சென்னையில் தண்ணீர் பரிசோதிக்கும் ஒரு ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். பியூரெட் பிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள் என்பதால் இந்த வேலை என் தலையில் விழுந்தது நியாயம்தான். தாளில் இருந்தது இவ்வளவு:

ஃபெரஸ் 20 மி.லி. – 0.1020
0 – 19.8
19.8 – 39.6 ஓகே
ஆக்ஸாலிக் 20
0 – 23.1 கலங்கல், பிரவுன். ஆசிட் பாட்டில் காலி
0 – 20.3
20.3 – 40.9 டார்க் பிங்க்
0 – 20.3
பிப்பெட் மூக்கு உடைஞ்சது, மாத்தியாச்சு
ஆவி வர்ற வரைக்கும் சூடு
750? 63

நல்ல தாள். அவளிடம் அதைச் சொன்னபோது கிண்டல் பண்ணுகிறேன் என்று நினைத்தாள்.

"இதுல ஒண்ணும் சரியில்ல சித்தி. எல்லாருக்கும் மூணு தடவையும் 20.3 வந்திருக்கு. நான் அதையே எழுதிடறேன். நீங்க கணக்கு மட்டும் போட்டுக் குடுங்க." தோழி ஒருத்தி அனுப்பிய ரெக்கார்டின் போட்டோ அவள் அம்மாவின் போனில் தயாராக இருந்தது. அதில் 20.3, 20.3, 20.3. முத்து முத்தான கையெழுத்து.

வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும் அதைச் செய்தவள்.

என் பிளஸ் டூ பிராக்டிகல் தேர்வில் வந்ததும் டைட்ரேஷன்தான். எனக்கு முதல் முறை 17.6 வந்தது. இரண்டாம் முறை 17.7. பக்கத்து மேசையில் இருந்தவளின் தாளை ஓரக்கண்ணால் பார்த்தேன். 20.1. அவள் வகுப்பில் முதல் மாணவி. வருஷம் முழுக்க அவளுடைய எண்களைப் பார்த்துத்தான் என் ரெக்கார்டை முடித்திருந்தேன், எல்லாவற்றுக்கும் கையெழுத்தும் வாங்கியிருந்தேன். அதனால் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. 17.6-ன் மேல் பேனாவை அழுத்தி அழுத்தி ஓட்டி அடியில் இருந்தது தெரியாமல் ஆக்கினேன். பக்கத்தில் 20.1 என்று எழுதினேன். பாட்டிலைத் திருப்பி வைக்கப் போனபோதுதான் லேபிளைப் பார்த்தேன். என் பாட்டிலில் 4 என்று இருந்தது, அவள் பாட்டிலில் 7. தேர்வில் ஆளுக்கொரு செறிவில் கரைசல் தருவார்கள் என்பது தெரியாதது இல்லை. தெரிந்திருந்தும் என் கண்ணைவிட அவள் தாளை நம்பினேன். சரியாக வந்த ஒரு எண்ணை நானே அழித்தேன், கிட்டத்தட்ட ஏழில் ஒரு பங்கு தவறாகும் அளவுக்கு. அதற்குள் தாளை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

இதை அவளிடம் சொன்னேன். "அய்யோ" என்றாள். பிறகு, "ஆனா நாளைக்கு எனக்குத் தேர்வு இல்லையே, வெறும் ரெக்கார்ட்தானே" என்றாள். நியாயமான கேள்வி. நாங்கள் சமையலறை மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தோம்.

ரெக்கார்டில் ஆறு தலைப்புகள். நோக்கம், தேவையான பொருட்கள், செய்முறை, காட்சிப்பதிவு, கணக்கீடு, முடிவு. இதை மேலிருந்து கீழாக நிரப்ப வேண்டிய படிவம் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். ஆனால் கையில் ஒரு கிறுக்கல் தாள் இருக்கும்போது வேலை வேறு மாதிரி. அதிலுள்ள ஒவ்வொரு வரியையும் எடுத்து, இது எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். சோதனை தொடங்கும் முன்பே தெரிந்ததா? கை செய்ததா? கண் பார்த்ததா? அல்லது பேனா போட்ட கணக்கா? பதில் வந்தால் அந்த வரி எந்தத் தலைப்புக்குப் போகும் என்பதும் வந்துவிடும்.

முதலில் நோக்கம். அவள் எழுதி வைத்திருந்தது: "ஆக்ஸாலிக் அமிலம் டைட்ரேஷன்." அது வேலையின் பெயர். நோக்கம் என்பது ஒரு கேள்வியாக இருக்க வேண்டும். "சார் என்ன கேட்டாரு?" என்றேன். யோசித்து, "750 மி.லி.ல எவ்வளவு ஆக்ஸாலிக் அமிலம் இருக்குன்னு" என்றாள். தாளின் கடைசி வரியில் கேள்விக்குறியோடு நின்ற 750 அதுதான். அவளுக்குக் கொடுத்த பாட்டிலில் இருந்தது நூறு மில்லிலிட்டர்கூட இருக்காது. 750-ஐ அவள் கண்ணால் பார்க்கவே இல்லை. ஆகவே அது காட்சிப்பதிவு இல்லை. கேள்வியோடு வந்த எண் அது, நோக்கத்தில்தான் உட்கார வேண்டும். இப்படி எழுதினோம்: "0.1020 நார்மல் ஃபெரஸ் சல்ஃபேட் நியமக் கரைசலையும், இணைப்புக் கரைசலாகப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டையும் கொண்டு, தரப்பட்ட கரைசலின் 750 மி.லி.யில் கரைந்துள்ள படிக ஆக்ஸாலிக் அமிலத்தின் எடையைக் கண்டறிதல்."

"ரெக்கார்டோட கடைசிப் பக்கத்தைத் திறந்து, முடிவுங்கிற தலைப்பையும் இப்பவே எழுது" என்றேன். "750 மி.லி. கரைசலில் உள்ள படிக ஆக்ஸாலிக் அமிலத்தின் எடை = ____ கிராம்." கோடிட்ட இடத்தை விட்டு வைத்தோம். நோக்கத்தில் கேட்ட அதே வார்த்தைகளில் முடிவு பதில் சொல்ல வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் எழுதிவிட்டால் நடுவில் வழி தவறாது. நோக்கத்தில் எடையைக் கேட்டுவிட்டு முடிவில் நார்மாலிட்டியோடு நிறுத்திவிடும் ரெக்கார்டுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். என்னுடையதிலேயே இரண்டு உண்டு.

தேவையான பொருட்களின் பட்டியலை அவள் ஏற்கெனவே எழுதியிருந்தாள். அதில் ஆறாவதாக ஃபீனால்ஃப்தலீன் இருந்தது.

"இது எங்க ஊத்தின?"

"ஊத்தல. போன சோதனையில இருந்துச்சு, அப்படியே பார்த்து எழுதிட்டேன்."

போன சோதனை சோடியம் ஹைட்ராக்சைடு. அமிலமும் காரமும் நிறமில்லாதவை என்பதால் அங்கே நிறங்காட்டி தேவை. இங்கே பெர்மாங்கனேட்டே ஊதா. குடுவையில் அதோடு வினைபுரிய ஏதாவது இருக்கும்வரை அது நிறம் இழந்துகொண்டே இருக்கும். வினைபுரிய ஒன்றும் மிச்சமில்லாதபோது விழும் அடுத்த சொட்டு நிறம் மாறாமல் வெளிர் இளஞ்சிவப்பாக நிற்கும். அதுவே நிறங்காட்டி. ஃபீனால்ஃப்தலீனை அடித்தாள். பியூரெட், பிப்பெட் என்று மட்டும் இருந்த இடத்தில் "50 மி.லி. பியூரெட், மிகச்சிறு பிரிவு 0.1 மி.லி." என்றும் "20 மி.லி. பிப்பெட்" என்றும் எழுதச் சொன்னேன். பொருட்களின் பட்டியலில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இரண்டு எண்கள்தான். கீழே அட்டவணையில் 20.27 என்று ஒரு அளவீடு வந்தால், அது எந்தக் கருவியிலிருந்து வந்தது என்று இந்த வரி கேட்கும். பள்ளி பியூரெட்டில் யாரும் 20.27 படிக்க முடியாது. கணக்கைப் பின்னாலிருந்து போட்டவர்களுக்குத்தான் அது கிடைக்கும்.

உடைந்த பிப்பெட் மூக்கை எங்கே போடுவது என்று கேட்டாள். மூக்கு உடைந்தால் பிப்பெட்டிலிருந்து வெளியேறும் அளவு மாறும். ஆனால் அவள் சோதனை தொடங்கும் முன்பே வேறு வாங்கிவிட்டாள், எல்லா முறையும் புதியதில்தான் எடுத்திருக்கிறாள். எனவே அது எந்தத் தலைப்புக்கும் வர வேண்டியதில்லை. நடுவில் மாற்றியிருந்தால் வந்திருக்கும். கிறுக்கலில் இருப்பதெல்லாம் ரெக்கார்டுக்கு வர வேண்டும் என்பதில்லை. விடையைத் தொடக்கூடியது வர வேண்டும்.

செய்முறைக்கு வந்தபோது ஒரு சின்னச் சண்டை. போட்டோவில் இருந்த செய்முறை கைடிலிருந்து வந்தது. "20 மி.லி. எடுக்கவும். 60 முதல் 70 டிகிரி வரை சூடேற்றவும்." யாரோ யாருக்கோ இடும் கட்டளை. "நீ செஞ்சதை எழுது. எடுக்கப்பட்டது, சேர்க்கப்பட்டதுன்னு எழுது" என்றேன்.

"ரெண்டும் ஒண்ணுதானே சித்தி?"

"சரி, 70 டிகிரின்னு எப்படித் தெரியும்?"

"புக்ல இருக்கு."

"தெர்மாமீட்டர் வச்சியா?"

"எங்க லேப்ல ரெண்டே ரெண்டு. ஃபிசிக்ஸ்காரங்க வச்சிருக்காங்க."

ஆனால் கிறுக்கலில் என்ன இருக்கிறது? "ஆவி வர்ற வரைக்கும் சூடு." அதுதான் அவள் செய்தது. கட்டளையை "எடுக்கப்பட்டது" என்று மாற்றி எழுதத் தொடங்கினாலே இந்த இடத்தில் கை நின்றுவிடும், ஏனென்றால் அளக்காத ஒன்றை அளந்ததாக எழுத வேண்டி வரும். "குடுவையிலிருந்து ஆவி எழத் தொடங்கும் வரை, கொதிக்க விடாமல், சூடேற்றப்பட்டது" என்று எழுதினோம். கொதிக்க விடாமல் என்பது தேவையானது. அதிகம் சூடானால் ஆக்ஸாலிக் அமிலமே சிதையத் தொடங்கும். சூடு போதாவிட்டால் வினை மெதுவாக நடக்கும், போட்ட சொட்டின் நிறம் போகாமல் நிற்கும், முடிவு நிலை வந்துவிட்டதென்று ஏமாந்துபோவோம்.

இன்னொன்றும் பிடிபட்டது. ஃபெரஸ் சல்ஃபேட், ஆக்ஸாலிக் அமிலம் இரண்டுக்கும் சேர்த்து ஒரே செய்முறையாக எழுதியிருந்தாள், இரண்டையும் சூடேற்றியதாக. ஃபெரஸை அவள் சூடேற்றவில்லை, சூடேற்றவும் கூடாது. காற்றிலேயே ஆக்சிஜனேற்றம் அடையக்கூடியது அது, சூடு அதை விரைவுபடுத்தும். டைட்ரேஷன் 1, டைட்ரேஷன் 2 என்று இரண்டு பத்திகளாகப் பிரித்தோம். இரண்டிலும் பொதுவானது ஒன்று உண்டு. ஒரு சோதனைக் குழாய் நிறைய, ஏறக்குறைய 20 மி.லி., நீர்த்த கந்தக அமிலம்.

அந்த இடத்தில் இருவரும் ஒரே நேரத்தில் தாளைப் பார்த்தோம். ஆசிட் பாட்டில் காலி.

"என்னாச்சு அன்னைக்கு?"

"ஆக்ஸாலிக் ஃபர்ஸ்ட் தடவை பண்றப்ப பாட்டில்ல அடியில கொஞ்சம்தான் இருந்துச்சு. பரவால்லன்னு ஊத்திட்டேன். பியூரெட்டைத் திறந்ததும் டீ மாதிரி ஆயிடுச்சு. கலங்கலா. பிங்க் எப்ப வருதுன்னே தெரியல. 23.1ல நிறுத்திட்டேன். அப்புறம் அண்ணன் வேற பாட்டில் கொண்டாந்து குடுத்தாரு."

அவள் பார்த்த அந்த டீ நிறம் மாங்கனீஸ் டை ஆக்சைடு. போதுமான அமிலம் இருந்தால் ஒவ்வொரு பெர்மாங்கனேட் அயனியும் ஐந்து எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு கிட்டத்தட்ட நிறமில்லாத மாங்கனீஸ் அயனியாக மாறும். அமிலம் குறைந்தால் ஒரு பகுதி மூன்று எலக்ட்ரான்களோடு நடுவழியில் நின்று பழுப்பு வீழ்படிவாகிவிடும். ஒவ்வொன்றும் குறைவாக வேலை செய்வதால் அதே அளவு ஆக்ஸாலிக் அமிலத்துக்கு அதிகம் பெர்மாங்கனேட் செலவாகும். 20.3 வர வேண்டிய இடத்தில் 23.1 வந்ததற்கு இதுவே போதுமான காரணம். அவள் "தப்பு" என்று ஒளிக்கப் பார்த்த வரிதான் அந்தத் தாளிலேயே அதிக வேதியியல் உள்ள வரி.

இதை எங்கே எழுதுவது? காட்சிப்பதிவில். கண் பார்த்தது அது.

அட்டவணையைப் போட்டோம். முறை, தொடக்க அளவு, இறுதி அளவு, செலவான கன அளவு. கடைசியில் நான் ஒரு கட்டம் கூடுதலாகப் போடச் சொன்னேன்: குறிப்பு. மூன்றாம் முறைக்கு அவள் தோழியின் அட்டவணையைப் பார்த்து "0 – 20.6" என்று எழுதப் போனாள். தடுத்தேன். அவள் பியூரெட்டை அப்போது நிரப்பவில்லை. 20.3-ல் நின்றதை அப்படியே தொடர்ந்து 40.9 வரை போயிருக்கிறாள். கண் பார்த்த எண்கள் 20.3-ம் 40.9-ம். 20.6 என்பது கழித்தல், அதாவது கணக்கு. வசதிக்காக அதை அட்டவணைக்குள்ளேயே ஒரு கட்டத்தில் வைக்கிறோம், அவ்வளவுதான். கழித்ததை மட்டும் எழுதி, பார்த்ததை விட்டுவிட்டால், கழித்ததில் பிழை இருந்தாலும் பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

ஆக்ஸாலிக் அட்டவணை இப்படி வந்தது:

முறை 1: 0 – 23.1, செலவு 23.1. குறிப்பு: அமிலம் போதவில்லை. பழுப்புக் கலங்கல், முடிவு நிலை தெளிவில்லை.
முறை 2: 0 – 20.3, செலவு 20.3. குறிப்பு: நிலையான வெளிர் இளஞ்சிவப்பு.
முறை 3: 20.3 – 40.9, செலவு 20.6. குறிப்பு: அடர் இளஞ்சிவப்பு. முடிவு நிலையைத் தாண்டியது.
முறை 4: 0 – 20.3, செலவு 20.3. குறிப்பு: நிலையான வெளிர் இளஞ்சிவப்பு.

"வேற ஏதாவது பார்த்தியா? எண் இல்லாததா இருந்தாலும் பரவால்ல" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்தாள். "ஒவ்வொரு தடவையும் முதல்ல விழுற சொட்டு மட்டும் பிங்க்காவே நிக்கும் சித்தி. முடிஞ்சிருச்சோன்னு பயந்துட்டேன். கொஞ்சம் ஆட்டினதும் போயிடும். அதுக்கப்புறம் ஊத்த ஊத்த டக்டக்குன்னு நிறம் போகும்."

இது தாளிலும் இல்லை, தோழியின் ரெக்கார்டிலும் இல்லை. இதுவும் காட்சிப்பதிவுதான். வினையில் உண்டாகும் மாங்கனீஸ் அயனியே அந்த வினைக்கு ஊக்கியாக இருப்பதால் வரும் விளைவு. முதல் சொட்டின்போது அது இன்னும் உண்டாகியிருக்காது, அதனால் தாமதம். உண்டானபின் வேகம். புத்தகத்தில் தன் வினையூக்கம் என்று ஒரு வரியில் போகும் விஷயம். அவள் அதை நான்கு தடவை கண்ணால் பார்த்திருக்கிறாள், எண் இல்லை என்பதால் எழுதவில்லை. அட்டவணைக்குக் கீழே இரண்டு வரியாக எழுதினாள்.

எந்த அளவீட்டை எடுப்பது, எதை விடுவது என்ற கேள்வி இங்கேதான் வருகிறது. இதில் தடுமாறியவர்கள் எங்களைப் போன்றவர்கள் மட்டும் இல்லை. எலக்ட்ரானின் மின்னூட்டத்தை எண்ணெய்த் துளிகளைக் கொண்டு அளந்த ராபர்ட் மில்லிகன், 1913-ல் வெளியிட்ட கட்டுரையில் 58 துளிகளின் அளவீடுகளைக் கொடுத்தார். இவை பொறுக்கி எடுத்தவை அல்ல, அறுபது நாட்கள் தொடர்ந்து சோதித்த துளிகள் எல்லாமே இவைதான் என்றும் அதில் சொன்னார். பிற்காலத்தில் ஜெரால்டு ஹோல்டன் என்ற அறிவியல் வரலாற்றாளர் மில்லிகனின் நோட்டுப் புத்தகங்களைத் திறந்து பார்த்தார். அவற்றில் நூற்றுக்கும் மேற்பட்ட துளிகள் இருந்தன. ஓரங்களில் இது அழகு, இதை வெளியிடலாம், இது சரியில்லை என்கிற மாதிரியான கிறுக்கல்கள். விட்ட துளிகள் பலவற்றுக்கு நியாயமான காரணங்கள் இருந்திருக்கலாம். அவற்றைச் சேர்த்திருந்தாலும் விடை பெரிதாக மாறியிருக்காது என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் காட்டினார்கள். விட்டதல்ல இன்றுவரை அவர்மேல் இருக்கும் குறை. விடவில்லை என்று எழுதியதுதான்.

அக்கா மகளின் 23.1-ஐயும் 20.6-ஐயும் கணக்கில் எடுக்கக்கூடாது. ஆனால் அப்படி விடுவதற்கான உரிமையை அவளுக்குத் தருவது எது? அவள் விடையைப் பார்ப்பதற்கு முன்பே, அந்த இடத்திலேயே, "கலங்கல்" என்றும் "டார்க்" என்றும் எழுதி வைத்த இரண்டு சொற்கள். எண் பிடிக்கவில்லை என்பதற்காக வீட்டுக்கு வந்து தேடிய காரணங்கள் அல்ல அவை. தேர்வில் நான் அழித்த 17.6-க்கு அப்படி ஒரு சொல்லும் இல்லை. வெளிர் இளஞ்சிவப்பு, தெளிவான முடிவு நிலை, அடுத்த முறை 17.7. அதன்மேல் எந்தக் குற்றமும் இல்லை, பக்கத்து மேசை எண்ணோடு ஒத்துப்போகவில்லை என்பதைத் தவிர.

கணக்கீடு பத்து நிமிஷ வேலைதான். முதலில் பெர்மாங்கனேட்டின் நார்மாலிட்டி. V1N1 = V2N2. ஃபெரஸ் 20 மி.லி., 0.1020. பெர்மாங்கனேட் இரு முறையும் 19.8 மி.லி. இருபதை 0.1020-ஆல் பெருக்கி 19.8-ஆல் வகுத்தால் 0.1030. அடுத்து ஆக்ஸாலிக். பெர்மாங்கனேட் 20.3 மி.லி., 0.1030. ஆக்ஸாலிக் 20 மி.லி. பெருக்கி வகுத்தால் 0.1045. தாளில் கேட்பாரற்று நின்ற 63-க்கு இப்போது வேலை வந்தது. படிக ஆக்ஸாலிக் அமிலத்தின் சமான எடை அது, படிகத்திலுள்ள இரண்டு நீர் மூலக்கூறுகளையும் சேர்த்து. நோக்கத்தில் "படிக" என்ற சொல்லை வைத்தது இதற்காகத்தான். 0.1045-ஐ 63-ஆல் பெருக்கி, 750-ஆல் பெருக்கி, 1000-ஆல் வகுத்தால் 4.9376.

"சித்தி, சராசரி எடுத்தா என்ன? நாலையும் கூட்டி நாலால வகுத்தா யாரையும் விட வேண்டாமே."

போட்டுப் பார் என்றேன். சராசரி 21.1 மி.லி. விடை 5.13 கிராம். கிட்டத்தட்ட 0.2 கிராம் கூடிவிட்டது. சராசரி என்பது மேலும் கீழும் சிதறும் சின்னச் சின்னப் பிழைகளைச் சமன் செய்யும். அமிலம் குறைந்ததால் வந்த பிழை ஒரே பக்கம்தான் போகும், முடிவு நிலையைத் தாண்டியதும் அதே பக்கம்தான். இரண்டையும் சேர்த்தால் நல்ல அளவீடுகள்தான் கெடும். ஒன்றோடொன்று ஒத்துப்போன 20.3 இரண்டும் போதும்.

அவள் முடிவில் போய் 4.9376 கிராம் என்று எழுதப் பேனாவை எடுத்தாள். பியூரெட்டில் ஒரு சின்னப் பிரிவு, 0.1 மி.லி., தவறாகப் படித்தால் விடை எவ்வளவு மாறும் என்று போட்டுப் பார்க்கச் சொன்னேன். 0.024 கிராம். அப்படியென்றால் 4.93-ல் உள்ள 3-க்கே உறுதி இல்லை. அதற்குப் பின்னால் வரும் 76 கால்குலேட்டர் சொன்னது, அவள் கண் சொன்னதல்ல. கணக்கீட்டில் இருக்கட்டும், முடிவில் 4.94 கிராம் போதும். கோடிட்ட இடத்தில் எழுதினாள். மணி பதினொன்று ஆகியிருந்தது.

"அந்தத் தாளைக் கசக்கிப் போட்டுடவா?" என்று கேட்டாள். ரெக்கார்டின் உறைக்குள் செருகி வைக்கச் சொன்னேன். எங்கள் ஆய்வகத்தில் இப்படிப்பட்ட தாள்களைத்தான் முதலில் கேட்பார்கள். அச்சடித்த அறிக்கையைத் தணிக்கைக்கு வருகிறவர்கள் கடைசியில்தான் படிப்பார்கள். ஆய்வகத்தில் ஒயிட்னருக்கு இடமில்லை. தவறாக எழுதிவிட்டால் ஒரே ஒரு கோடு, பக்கத்தில் சரியான எண், கையெழுத்து, தேதி. கோட்டுக்கு அடியில் பழைய எண் படிக்கும்படி இருக்க வேண்டும். சேர்ந்த முதல் வாரத்தில் இதைச் சொல்லிக்கொடுத்தபோது எனக்கு அந்தத் தேர்வுத் தாள்தான் ஞாபகம் வந்தது. கறுப்பாகக் குழம்பிக் கிடந்த ஒரு கட்டம்.

நான் சென்னை திரும்பிய பிறகு ஒரு சாயங்காலம் அவளே போன் செய்தாள்.

"சித்தி, சார் ரெக்கார்டைத் திருப்பிக் குடுத்துட்டாரு. தப்பா வந்ததையெல்லாம் எதுக்கு எழுதியிருக்கே, எக்ஸ்டர்னல் பார்த்தா நல்லாருக்காது, முதல் வரியையும் மூணாவது வரியையும் எடுத்துட்டு வான்னாரு. ஒயிட்னர் போடவா, பக்கத்தையே கிழிச்சுட்டு வேற எழுதவா?"

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அறுபது ரெக்கார்டுகளில் கையெழுத்துப் போட வேண்டியவர், பிள்ளைகளுக்கு மார்க் குறையக்கூடாது என்று பார்க்கிறவர். அவரை எதிர்த்துப் பேசு என்று பதினேழு வயதுப் பிள்ளையிடம் என்னால் சொல்லவும் முடியாது.

"ஸ்கேல் வச்சு ரெண்டு வரியிலயும் ஒரே ஒரு கோடு போடு" என்றேன். "மெல்லிசா. குறிப்புக் கட்டத்துல கோடு படக் கூடாது."

"அவ்வளவுதானா?"

"கோட்டுக்கு அடியில 23.1 படிக்க முடியுதான்னு பார்த்துட்டுச் சொல்லு."

போனை வைத்துவிட்டுப் போனாள். ஸ்கேலைத் தேடும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து வந்து, "முடியுது சித்தி" என்றாள்.